நன்றாகப் பேசுகிறவரே தொடங்கி, அவரே முடிக்கலாமா?

கேள்வி

மேடம், வணக்கம். நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் புராஜெக்ட் டீமில் நான்கு பேர், நான்தான் டீம் லீடர். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தி, விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் பெட்டி ஒன்றைச் செய்திருக்கிறோம். இன்னும் மூன்று வாரத்தில் வைவா. பேச 15 நிமிடம், கேள்விகளுக்கு 10 நிமிடம்.

என் தோழி ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள். ஸ்லைடு எல்லாம் அவள்தான் செய்தாள். சர்க்யூட்டையும் கோடிங்கையும் செய்தவன் தமிழ்வழியில் படித்து வந்த நண்பன். லேபில் நன்றாகப் பேசுவான், எழுந்து நின்றால் குரல் நடுங்கும். இன்னொரு நண்பன் மூன்று தோட்டங்களில் பெட்டியைப் பொருத்திச் சோதனை செய்தான். நான் சுமாராகப் பேசுவேன், எல்லாப் பகுதியும் ஓரளவு தெரியும்.

தோழியே தொடங்கி அவளே முடிக்கட்டும், சர்க்யூட் நண்பன் நடுவில் இரண்டு நிமிடம் பேசினால் போதும் என்கிறார் கைடு சார். அதுதான் பாதுகாப்பு என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் உழைத்தவனை ஒளித்துவைப்பது போல உறுத்துகிறது. கனமான பகுதி கடைசியில் வந்தால்தான் நினைவில் நிற்கும் என்று ஒரு சீனியர் சொல்கிறார். அப்படியானால் அவன்தானே முடிக்க வேண்டும்?

— ம., கோவை

பதில்

அன்புள்ள ம.,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரட்டும். தோழி தொடங்கட்டும். சர்க்யூட் நண்பர் இரண்டாவது. தோட்டங்களுக்குப் போனவர் மூன்றாவது. முடிப்பது நீங்கள்.

கைடு சார் சொன்னதில் தொடக்கம் சரி, முடிவு சரியில்லை. சீனியர் சொன்னது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், ஆனால் வைவா அறையில் அது நடப்பது வேறு மாதிரி. உங்கள் உறுத்தலோ முழுக்கச் சரி. அதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. உழைத்தவரை ஒளித்துவைத்தால் நான்கு பேருக்கும் நஷ்டம் வரும்.

நீங்கள் மூவரும் இரண்டு வேறு பொருள்களை ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள். ஒன்று, எழுந்து நின்று பேசும் தைரியம். இன்னொன்று, விஷயத்தில் இருக்கும் பிடி, நம் பேச்சுவழக்கில் சொன்னால் சரக்கு. உங்கள் தோழிக்கு முதலாவது நிறைய இருக்கிறது. சர்க்யூட் நண்பருக்கு இரண்டாவது நிறைய இருக்கிறது. லேபில் நன்றாகப் பேசுகிறார் என்று நீங்களே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அப்படியென்றால் அவருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. நிற்பதும் ஆங்கிலமும் சேரும்போதுதான் தடுமாறுகிறார். ஒரு டீமில் யார் எங்கே பேசுவது என்பதை, அந்தந்த இடம் இந்த இரண்டில் எதைக் கேட்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும்.

தொடக்கம் கேட்பது நிதானத்தை

மேடைப் பதற்றம் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பேசுபவர்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்த ஆய்வுகள் பல உண்டு. தன் முறைக்காகக் காத்திருக்கும்போது துடிப்பு ஏறுகிறது, பேசத் தொடங்கியதும் உச்சத்துக்குப் போகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் இறங்கத் தொடங்குகிறது. பயந்த சுபாவம் உள்ளவருக்கும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு, உச்சம் மட்டும் இன்னும் மேலே இருக்கும்.

கேட்பவர்களும் அதே முதல் நிமிடத்தில்தான் உங்களைப் பற்றி ஒரு அபிப்பிராயத்துக்கு வருகிறார்கள். நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தால் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காட்சிகளிலிருந்து சில நொடித் துண்டுகளை ஒலியில்லாமல் அந்நியர்களுக்குக் காட்டினார்கள். பருவம் முழுக்க அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு, அந்நியர்கள் அந்தத் துண்டுகளைப் பார்த்துச் சொன்னது பெருமளவு ஒத்துப்போனது. அவ்வளவு சீக்கிரம் நாம் ஆளை எடைபோடுகிறோம்.

பேசுபவரின் பதற்றம் உச்சத்தில் இருக்கும் நிமிடமும், கேட்பவர் எடைபோடும் நிமிடமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த நிமிடத்தில் கனமான விஷயத்தை வைத்தால் அது சிதறும், குரல் நடுங்குபவரை நிறுத்தினால் அவர் சிதறுவார். எனவே தொடக்கத்தில் தைரியம் அதிகமாகவும் சரக்கு குறைவாகவும் இருக்க வேண்டும். உங்கள் தோழிக்கு அது சரியான இடம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அவர் சொல்வது அவருக்கே தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். ஸ்லைடு செய்தவருக்குப் படிப்பது சுலபம், அதனால் "இந்தியா ஒரு விவசாய நாடு" என்று ஆரம்பிக்கிற ஆபத்து இருக்கிறது. எக்ஸ்டர்னல் அன்றைக்கு அதைப் பத்தாவது முறையாகக் கேட்பார். மூன்று தோட்டங்களில் ஒன்றுக்கு இந்த வாரமே தோழியை அழைத்துப் போங்கள். மும்முனை மின்சாரம் ராத்திரி வரும்போது எழுந்துபோய் மோட்டார் போடுகிற விவசாயியிடம், தண்ணீர் வற்றியபின்னும் மோட்டார் ஓடிக் காயில் எரிந்தால் ரீவைண்டிங்குக்கு என்ன செலவு, எத்தனை நாள் பாசனம் நிற்கும் என்று அவரே கேட்டு வரட்டும். அதை மூன்று வாக்கியத்தில் சொல்லி, "அதற்காக இந்தப் பெட்டியைச் செய்தோம், மூன்று தோட்டங்களில் வைத்துப் பார்த்தோம்" என்று முடித்தால் இரண்டரை நிமிடம் போதும். சர்க்யூட் பற்றி ஒரு வார்த்தையும் அவர் பேச வேண்டாம்.

முடிப்பவரிடம்தான் முதல் கேள்வி வரும்

உங்கள் சீனியர் சொன்னதற்கு ஒரு அடிப்படை இருக்கிறது. ஒரு சொற்பட்டியலை வாசித்துக் காட்டி உடனே திருப்பிச் சொல்லச் சொன்னால், முதலில் வந்தவையும் கடைசியில் வந்தவையும்தான் அதிகம் நினைவில் நிற்கின்றன, நடுவில் வந்தவை நழுவிவிடுகின்றன. இதை 1962-இல் மர்டாக் என்ற உளவியலாளர் தெளிவாகக் காட்டினார். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள்.

1966-இல் கிளான்சர், குனிட்ஸ் என்ற இருவர் செய்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. பட்டியல் முடிந்ததும் 30 நொடி எண்களை எண்ண வைத்துவிட்டு, அதன்பிறகு கேட்டார்கள். கடைசிச் சொற்களுக்கு இருந்த சலுகை மறைந்துபோனது. முதல் சொற்களுக்கு இருந்தது அப்படியே நின்றது. இவை சொற்பட்டியல் சோதனைகள், வைவா சோதனைகள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் உங்கள் நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். பேச்சு முடிந்ததும் 10 நிமிடம் கேள்விகள். அதன்பிறகுதான் தேர்வாளர் பேனாவை எடுப்பார். உங்கள் முடிவுரை கடைசி நினைவாக நிற்கப்போவதில்லை. கேள்விகளுக்கு நீங்கள் சொன்ன பதில்கள்தான் நிற்கும்.

அப்படியென்றால் முடிப்பவரின் வேலை என்ன? பேச்சிலிருந்து கேள்விகளுக்குப் பாலம் போடுவதுதான். கடைசியாகப் பேசியவர் இன்னும் நின்றுகொண்டிருப்பார், தேர்வாளரின் கண்ணும் அவர் மேல் இருக்கும். முதல் கேள்வி அவரைப் பார்த்தே வரும். உங்கள் தோழி முடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "தண்ணி இல்லாம ஓடுதுன்னு உங்க பெட்டிக்கு எப்படித் தெரியுது?" என்று எக்ஸ்டர்னல் கேட்பார். தோழி திரும்பி சர்க்யூட் நண்பரைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வையில், நன்றாகப் பேசியவர் வேறு, வேலை செய்தவர் வேறு என்று தேர்வாளர் முடிவுகட்டிவிடுவார். தோழி அதுவரை சொன்னவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்லூரியில் ஐந்து பேர் கொண்ட டீமுக்கு இதே வரிசையைத்தான் அமைத்துக் கொடுத்தேன். தொடங்கியதும் முடித்ததும் ஒரே மாணவர், கேட்க அருமையாக இருந்தது. கேள்வி நேரத்தில் அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது கேள்வியில் தேர்வாளர், "நீங்க உட்காருங்க, அந்தத் தம்பி சொல்லட்டும்" என்று மூலையில் நின்றவரைக் கூப்பிட்டார். தன்னைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காத அந்தப் பையன், தான் செய்த வேலையையே சரியாகச் சொல்ல முடியாமல் நின்றான். அவனைத் தயார்படுத்தாதது என் தவறு. முன்னால் நின்றவருக்கும் அன்று தலைகுனிவுதான்.

அப்படியானால் சர்க்யூட் நண்பரே முடிக்கட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் சரக்கு இருக்கிறது, கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. ஆனால் 12 நிமிடம் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். பதற்றம் ஏறுவது அந்தக் காத்திருப்பில்தான். பயப்படுகிறவரைக் கடைசியில் வைப்பது அவருக்கு அவகாசம் தருவது போலத் தெரியும், உண்மையில் அது அவருக்கு மிக மோசமான இடம். அதோடு, முடிவுரை என்பது நான்கு பேரின் வேலையையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது. ஒரு பகுதியில் ஆழமாக இருப்பவர் முடித்தால் அந்தப் பகுதியின் நுணுக்கத்தோடு பேச்சு நின்றுவிடும்.

தோட்டம் போனவர் முடிக்கலாம், தவறில்லை. ஆனால் எல்லாப் பகுதியும் ஓரளவு தெரியும் என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு குறையாக எழுதியது போலத் தெரிகிறது. முடிப்பவருக்கு அதுதான் முதல் தகுதி. கேள்வி வந்தால் ஒரு வாக்கியத்தில் பதிலைச் சொல்லி, "விவரத்தை இவர் சொல்வார்" என்று பெயர் சொல்லிக் கைகாட்ட உங்களால் முடியும். திரும்பிப் பார்ப்பதற்கும் கைகாட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது தெரியாமை, இரண்டாவது தலைமை. சுமாராகப் பேசுவதும் பெரிய தடையில்லை. நீங்கள் எழுந்திருக்கும்போது தேர்வாளர் டீமைப் பற்றி ஒரு அபிப்பிராயத்துக்கு ஏற்கெனவே வந்திருப்பார். அந்த இடத்தில் யாரும் உங்கள் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, நீங்கள் சொல்கிற எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

கனமான பகுதிக்கு இடம் நடுவில், அதுவும் இரண்டாவதாக

கச்சேரி கேட்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இது உடனே புரியும். வர்ணத்தில் தொடங்குவார்கள். குரலும் சபையும் சேர்ந்து சூடாக வேண்டும் என்பதற்காக. ராகம், நிரவல், தனி ஆவர்த்தனம் என்று விரிகிற பெரிய உருப்படி நடுப்பகுதியைத் தாண்டி வரும். அதன்பிறகு துக்கடாக்கள், மங்களம். கனமானதைக் கடைசியில் வைத்துவிட்டு எழுந்துபோவதில்லை.

உங்கள் பேச்சிலும் சர்க்யூட்தான் பெரிய உருப்படி. அதற்கு இரண்டு நிமிடம் என்பது அநியாயம், ஐந்து நிமிடம் வேண்டும். தோழி இரண்டரை, சர்க்யூட் ஐந்து, தோட்டம் மூன்றரை, நீங்கள் இரண்டரை. கூட்டினால் பதின்மூன்றரை வரும். மீதி ஒன்றரை நிமிடம் எழுந்து உட்கார, ஸ்லைடு தடுமாற, மூச்சுவிட. 15 நிமிடத்தையும் பேச்சாலேயே நிரப்பித் திட்டமிட்டால் அன்று நிச்சயம் தாண்டும், தாண்டினால் வெட்டுப்படுவது முடிவுரைதான்.

சர்க்யூட் நண்பர் இரண்டாவது வருவதால் மூன்று நிமிடத்துக்குள் அவர் முறை வந்துவிடும், பதற்றம் ஏற அதிக நேரம் கிடைக்காது. எழுந்ததும் உச்சமாக இருக்குமே என்றால், அந்த முதல் நிமிடத்தில் அவர் பேசாமல் கையால் வேலை செய்யட்டும். ஒரு வாளித் தண்ணீரில் சின்ன பம்ப் ஒன்றைப் போட்டு, அதைப் பெட்டியோடு இணைத்து ஓடவிடுங்கள். பம்பின் வாய் வெளியே தெரியும்படி அவர் அதை மெல்லத் தூக்கட்டும். பம்ப் தண்ணீரைத் தள்ளும் வேலை நின்றதும் சுமை குறையும், கரண்ட் இறங்கும், சில நொடியில் ரிலே "டக்" என்று விழுந்து பம்ப் நிற்கும். தேர்வாளர் வாளியைப் பார்ப்பார், இவர் முகத்தைப் பார்க்க மாட்டார். அதற்குள் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் அவர் பேசத் தொடங்கட்டும்: "சென்சார் தண்ணியைப் பார்க்கலை சார், மோட்டார் இழுக்கற கரண்டைத்தான் பார்க்குது."

ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் 5 எச்.பி. மோட்டாருக்கு வைத்த அளவு இந்தச் சின்ன பம்புக்குப் பொருந்தாது. ஓடும்போதும் வறண்டு ஓடும்போதும் இது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று முந்தின நாளே அளந்து, வெட்டும் அளவை மாற்றிப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். டெமோ ஓடாமல் போவதற்கு நான் பார்த்தவரை இந்த மாதிரி மறதிதான் காரணம். டெமோவை முன்பே போனில் வீடியோ எடுத்தும் வைத்திருங்கள். ஓடவில்லையென்றால் ஒரு முறை முயன்றுவிட்டு வீடியோவுக்குப் போய்விட வேண்டும், அங்கே நின்று வயரை நோண்டக் கூடாது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் விளக்கலாமா என்று கைடு சாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தொழில்நுட்பச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்து, நடுவே வாக்கியம் தமிழில் ஓடுவதை ஏற்றுக்கொள்ளும் தேர்வாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆங்கிலம் கட்டாயம் என்றால், அவர் பகுதிக்குப் பத்து வாக்கியங்கள் போதும். அவரே எழுதட்டும், தோழி திருத்தித் தரட்டும். தோழி எழுதிக் கொடுத்து அவர் மனப்பாடம் செய்வது மட்டும் வேண்டாம். மனப்பாடத்தில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும்.

அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. தன் நடுக்கம் எல்லோருக்கும் அப்படியே தெரிகிறது என்று பேசுபவர் நினைக்கிறார், கேட்பவருக்கு அந்த அளவுக்குத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003-இல் இதைச் சோதித்தார்கள். இந்த உண்மையை முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். "பயப்படாதே" என்பதைவிட "நீ நினைக்கற அளவுக்கு வெளியே தெரியலை" என்பது உதவும். ஒத்திகையைப் போனில் எடுத்து அவருக்கே காட்டுங்கள், நம்புவார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் முடியவே முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். அவர் டெமோவைச் செய்ய, நீங்கள் பக்கத்தில் நின்று, "இந்த இடத்தில் ஏன் இந்த சென்சார்?" என்று கேட்க, அவர் லேபில் பேசுவது போல உங்களுக்குப் பதில் சொல்லட்டும். ஐந்து நிமிடத்தை இப்படிக் கேள்வி-பதிலாக நடத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அவரைப் பேசாமல் உட்காரவைக்கக் கூடாது. டீமாகச் செய்த புராஜெக்டாக இருந்தாலும் வைவாவில் பொதுவாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். உங்கள் துறையில் அது எப்படிப் பிரிகிறது என்று கைடு சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் செய்த வேலையை அவர் வாயால் சொல்ல விடாவிட்டால், பாதுகாப்பு என்ற பெயரில் அவருக்குச் சேர வேண்டிய மதிப்பெண்ணை நாம் குறைக்கிறோம்.

கைமாற்றும் வாக்கியம்

வரிசையைச் சரியாகப் போட்ட டீம்களும் இடறுவது, ஒருவர் முடித்து இன்னொருவர் எழுகிற அந்த இடைவெளியில்தான். 1973-இல் பிரென்னர் என்பவர் கண்டது இது: வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஒரு சொல்லை வாசிக்கும்போது, தன் முறைக்கு முந்தைய சில நொடிகளில் மற்றவர்கள் வாசித்தது நமக்கு நினைவில் நிற்பதில்லை. மனம் தன் முறையிலேயே இருக்கிறது. உங்கள் டீமிலும் அதுவே நடக்கும். தோழியின் கடைசி அரை நிமிடம் சர்க்யூட் நண்பரின் காதில் விழப்போவதில்லை. "இப்போது என் தோழி சொன்னது போல" என்று அவர் தொடங்கினால், தோழி சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது.

அதனால் கைமாற்றும் வாக்கியத்தை அன்றைய மனநிலைக்கு விட்டுவிடாமல் எழுதி வையுங்கள். ஒவ்வொருவரின் கடைசி வாக்கியமும், அடுத்தவர் பதில் சொல்லப்போகிற கேள்வியாக இருக்கட்டும். தோழி: "தண்ணீர் வற்றியதை இந்தப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை, இதை வடிவமைத்தவரே காட்டுவார்" என்று சொல்லிப் பெயரைச் சொல்லட்டும். நீங்கள் அஞ்சிய "ஒளித்துவைப்பு" அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும், யார் எதைச் செய்தார் என்பது கேள்வி வருவதற்கு முன்பே பதிவாகிவிடும். சர்க்யூட் நண்பர்: "லேபில் இது வேலை செய்தது, தோட்டத்தில் செய்ததா?" தோட்டம் போனவர் தன் எண்களைச் சொல்லிவிட்டு: "எங்கே தவறியது என்பதை எங்கள் லீடர் சொல்வார்."

கடைசி வாக்கியம் வியப்பாக இருக்கலாம். ஆனால் முடிவுரையில் வெற்றியைத் திரும்பப் பாடுவதைவிட குறையைச் சொல்வதுதான் கேள்விகளை உங்களுக்குத் தெரிந்த பக்கம் திருப்பும். உதாரணத்துக்கு, சோதனை நாட்களில் 11 முறை தண்ணீர் வற்றியது, 11 முறையும் மோட்டார் நின்றது, ஆனால் 2 முறை எஸ்எம்எஸ் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இரண்டரை நிமிடம் இப்படிப் போகலாம்: பெட்டி என்ன செய்தது என்று ஒரு வாக்கியம். அந்த 2 முறையும் சிக்னல் இல்லாத கிணற்றடி என்பது. சிக்னல் இல்லாவிட்டாலும் மோட்டார் நின்றதே, ஏனென்றால் நிறுத்தும் வேலை பெட்டிக்குள்ளேயே முடிகிறது, செய்தி அனுப்புவது தனி வேலை என்பது. அடுத்து என்ன மாற்றுவீர்கள், மொத்தச் செலவு எவ்வளவு. முடிந்தது. உங்கள் உண்மையான எண்களைப் போட்டு எழுதிப் பாருங்கள். முடிவுரையில் ஸ்லைடில் இல்லாத புது விஷயம் எதையும் கொண்டுவர வேண்டாம், அதை விளக்க நேரம் இருக்காது. "நன்றி, ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்ற ஸ்லைடை எடுத்துவிட்டு, கேள்வி நேரம் முழுக்க சர்க்யூட் படமும் சோதனை அட்டவணையும் உள்ள ஸ்லைடு திரையில் நிற்கட்டும்.

நேரம் குறைந்தால்

இது நடக்கும், தயாராக இருங்கள். அன்று நிறைய டீம்கள் இருந்தால் "அஞ்சு நிமிஷத்துல முடிங்க" என்பார் எக்ஸ்டர்னல். வேகமாகப் பேசி எல்லாவற்றையும் சொல்ல முயலும் டீம்தான் அதிகம் தடுமாறுகிறது. தோழிக்கு 30 நொடி, டெமோவோடு சர்க்யூட்டுக்கு இரண்டரை நிமிடம், தோட்டத்து அட்டவணைக்கு ஒரு நிமிடம், உங்களுக்கு ஒரு நிமிடம் என்று இப்போதே ஒரு சின்னப் பதிப்பையும் ஒத்திகை பாருங்கள். தொடக்கம் அதிகம் சுருங்கலாம், சர்க்யூட் பாதிக்குக் கீழே போகக் கூடாது.

கைடு சாரிடம் இதை வாதமாகக் கொண்டுபோக வேண்டாம். "சார், ரெண்டு மாதிரியும் ஒரு தடவை செஞ்சு காட்டறோம், பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். புராஜெக்டைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்றாமாண்டு மாணவர்கள் நான்கு பேரை அழைத்து, இருவருக்கு அவர் சொன்ன வரிசையிலும் மற்ற இருவருக்கு இந்த வரிசையிலும் பேசிக் காட்டுங்கள். பேசி முடித்து ஐந்து கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதைச் செய்தவர் யார், எங்கே தவறியது. இரண்டு ஜோடியும் சொல்கிற பதிலைக் கைடு சாரே கேட்கட்டும். என் கணிப்பு தவறாகி, அவருடைய வரிசையே உங்கள் டீமுக்கு நன்றாக அமைந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கேள்விகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

தோழியிடம் நீங்களே பேசுங்கள், கைடு வழியாக வேண்டாம். முடிப்பதை அவரிடமிருந்து எடுத்துவிட்டதாக அவருக்குத் தோன்றக் கூடாது. தெரியாத கேள்விக்கு முன்னால் அவரைத் தனியாக நிறுத்த உங்களுக்கு மனமில்லை என்பதை அப்படியே சொல்லுங்கள். தோட்டத்துக்குப் போய்வந்த பிறகு இந்தப் பேச்சை வைத்துக்கொண்டால் இன்னும் சுலபமாக இருக்கும்.

வைவா அன்று பெட்டியையும் வாளியையும் சர்க்யூட் நண்பரே அறைக்குள் எடுத்துவந்து மேசையில் வைக்கட்டும். தேர்வாளர் வருவதற்கு முன்பே அந்த மேசைக்குப் பக்கத்தில் அவர் நிற்கட்டும். எழுந்து நடந்து முன்னால் வருகிற அந்தப் பத்தடி தூரமும் அவருக்கு மிச்சமாகும்.